விற்ற சரக்கு திரும்பி வந்தால்: பழைய பில்லைத் திருத்துவதா, கிரெடிட் நோட்டா, முன்கூட்டியே ஒதுக்குவதா?

வாடிக்கையாளர் சரக்கைத் திருப்பி அனுப்பினால் கணக்கில் மூன்று விஷயங்கள் பின்னோக்கிப் போக வேண்டும். விற்பனை வருமானம் குறைய வேண்டும், அரசுக்குக் கட்ட வேண்டிய வெளியீட்டு வரி குறைய வேண்டும், விற்ற சரக்கின் அடக்கவிலை குறைந்து சரக்கிருப்பு கூட வேண்டும். இதற்கு நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. பழைய பில்லையே திறந்து எண்ணிக்கையைக் குறைப்பது ஒன்று. பில்லைத் தொடாமல், திரும்பி வந்த நாளில் கிரெடிட் நோட், அதாவது வாடிக்கையாளர் தர வேண்டியதைக் குறைக்கும் தனி ஆவணம், போடுவது இரண்டாவது. ஆண்டு இறுதியில் "இவ்வளவு திரும்பி வரும்" என்று மதிப்பிட்டு முன்கூட்டியே ஒதுக்கி வைப்பது மூன்றாவது.

மூன்றில் எது என்று முடிவெடுக்கும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன மூன்று மாற்றங்களும் ஒரே நாளில் நடக்கவேண்டிய அவசியம் இல்லை. திரும்பி வரும் என்று நியாயமாக எதிர்பார்க்கும்போதே வருமானத்தைக் குறைக்கலாம். வரியைக் குறைக்க அதற்கான ஆவணம் வேண்டும். சரக்கிருப்பைக் கூட்டவோ, பொருள் கைக்கு வந்து யாராவது அதைப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். எந்த வழி இந்த மூன்றையும் அதனதன் நேரத்தில் நடக்க விடுகிறதோ அதுதான் நல்ல வழி.

ஒரே உதாரணத்தை வைத்துக்கொண்டு மூன்றையும் பார்ப்போம். ஆண்டின் கடைசி வாரத்தில் 40 மேசை விளக்குகள் கடனுக்கு விற்கப்பட்டன. ஒன்றின் விலை 500, அடக்கவிலை 300. வரி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். விற்பனை 20,000, வரி 2,000, வாடிக்கையாளர் தர வேண்டியது 22,000, விற்ற சரக்கின் அடக்கவிலை 12,000. அடுத்த ஆண்டின் முதல் மாதத்தில் 6 விளக்குகள் திரும்பி வருகின்றன.

பழைய பில்லைத் திருத்துவது

பார்க்க மிக எளிதாகத் தெரியும் வழி இது. பில்லைத் திறந்து 40-ஐ 34 ஆக்கினால் விற்பனை 17,000, வரி 1,700, அடக்கவிலை 10,200 என்று எல்லாம் தானாகச் சரியாகிவிடும். நிறைய மென்பொருள்கள் இதை அனுமதிக்கின்றன, அதனால் நிறையப் பேர் செய்கிறார்கள்.

முதல் சிக்கல் வரியில் வரும். அந்த மாதத்துக்கான வரிப் படிவத்தில் 2,000 என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. வாங்கியவரும் அதே 2,000-ஐத் தன் உள்ளீட்டு வரியாகக் கழித்திருப்பார். இப்போது உங்கள் ஏட்டில் மட்டும் 1,700 என்று நிற்கிறது. இந்த 300 வித்தியாசத்துக்குப் பின்னால் எந்தக் காகிதமும் இல்லை. அவர் கையில் இருக்கும் பில்லும் உங்கள் கணினியில் இருக்கும் பில்லும் ஒரே எண்ணைத் தாங்கி வேறு வேறு தொகையைச் சொல்லும்.

இரண்டாவது சிக்கல் வெளியே தெரியாமல் நடக்கும். சரக்குக்குச் சராசரி அடக்கவிலை கணக்கிடும் முறையில், பழைய தேதியில் 6 விளக்குகள் இருப்பிலேயே இருந்ததாக மாற்றினால், அந்தத் தேதிக்குப் பின் நடந்த கொள்முதல்களையெல்லாம் சேர்த்து மென்பொருள் சராசரியை மறுபடி போடும். அதன்பின் விற்ற ஒவ்வொரு பில்லின் அடக்கவிலையும் கொஞ்சம் நகரும். முடிந்துபோன ஆண்டின் இலாபமும் மாறும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும்: கையெழுத்தான சென்ற ஆண்டு இருப்புநிலைக் குறிப்பில் உள்ள இறுதி இருப்புகளையும், மென்பொருள் இன்று காட்டும் ஆரம்ப இருப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் யாரோ பழைய தேதியில் கை வைத்திருக்கிறார்கள்.

இந்த வழிக்கும் ஓர் இடம் உண்டு. பில் இன்னும் வாடிக்கையாளரிடம் போகவில்லை, சரக்கும் கிளம்பவில்லை என்றால் ரத்து செய்வதோ திருத்துவதோ சரிதான். ஆனால் அதைச் சரக்குத் திருப்பம் என்று சொல்ல முடியாது, விற்பனையே இன்னும் நடக்கவில்லை. சரக்கும் பில்லும் கையை விட்டுப் போன பிறகு இந்த வழியை யோசிக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முடிந்த மாதங்களை மென்பொருளில் பூட்டி வைத்துவிட்டால் ஆசைப்பட்டாலும் செய்ய முடியாது.

கிரெடிட் நோட்

இங்கே பழைய பில் அப்படியே நிற்கும். திரும்பி வந்த 6 விளக்குகளுக்கு, பழைய பில்லின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு இன்றைய தேதியில் ஒரு கிரெடிட் நோட் போகும். பதிவுகள் இரண்டு.

முதல் பதிவு:
விற்பனைத் திருப்பக் கணக்கு, பற்று 3,000
வெளியீட்டு வரிக் கணக்கு, பற்று 300
வாடிக்கையாளர் கணக்கு, வரவு 3,300

இரண்டாவது பதிவு:
சரக்கிருப்புக் கணக்கு, பற்று 1,800
விற்ற சரக்கின் அடக்கவிலைக் கணக்கு, வரவு 1,800

ரொக்க விற்பனையாக இருந்தால் வாடிக்கையாளர் கணக்குக்குப் பதில் ரொக்கமோ வங்கியோ வரும், அவ்வளவுதான். ஆண்டு முடிவில் சரக்கை எண்ணிப் பார்த்து மட்டுமே அடக்கவிலை கண்டுபிடிக்கும் காலமுறைக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இரண்டாவது பதிவே தேவையில்லை. திரும்பி வந்த விளக்குகள் அந்த எண்ணிக்கையில் தாமாகச் சேர்ந்துவிடும்.

3,000-ஐ நேராக விற்பனைக் கணக்கிலேயே பற்று வைக்கக் கூடாதா என்று கேட்கலாம். நிகர விற்பனை இரண்டிலும் ஒன்றுதான், அறிக்கையிலும் நிகரத் தொகைதான் வரும். ஆனால் தனிக் கணக்கு இருந்தால்தான் எந்த மாதம், எந்தப் பொருள், எவ்வளவு திரும்பியது என்று பார்க்க முடியும். மூன்றாவது வழிக்குப் போகவேண்டி வந்தால் மதிப்பீட்டுக்கு ஆதாரமே அந்தக் கணக்குதான். தனியாக வையுங்கள்.

வரியைப் பொறுத்தவரை, கிரெடிட் நோட் பழைய விற்பனையைச் சரிசெய்கிறது. அதனால் நடுவில் விகிதம் மாறியிருந்தாலும் பொதுவாகப் பழைய பில்லின் விகிதத்தில்தான் வரியைக் குறைக்க வேண்டும். பழைய பில்லில் 5 சதவீதத் தள்ளுபடி கொடுத்திருந்தால் ஒரு விளக்குக்கு 475-தான் திருப்ப வேண்டும், விலைப்பட்டியலில் உள்ள 500 அல்ல. கிரெடிட் நோட்டைப் பழைய பில்லோடு இணைக்காமல் புதிதாகத் தட்டெழுதும்போது இந்த இரண்டு தவறுகளும் எளிதாக வரும். கிரெடிட் நோட் மூலம் வரியைக் குறைக்க உங்கள் நாட்டுச் சட்டம் காலக்கெடு வைத்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கெடு கடந்துவிட்டால் வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பித் தந்தாலும் வரி திரும்பாமல் போகலாம்.

உண்மையான வேலை இருப்பது இரண்டாவது பதிவில். அங்கே மூன்று இடங்களில் கணக்கு பிசகுகிறது.

முதல் பிசகு, எந்த அடக்கவிலையில் உள்ளே எடுப்பது என்பது. விற்ற நாளில் ஒரு விளக்கு 300-க்கு வெளியே போனது. அதன்பின் கொள்முதல் விலை ஏறி, இன்றைய சராசரி 330 ஆகிவிட்டது என்று வையுங்கள். சில மென்பொருள்கள் இன்றைய சராசரியை எடுத்து 6 விளக்குகளுக்கு 1,980 என்று போடும். வெளியே போனது 1,800, உள்ளே வந்தது 1,980. யாரும் எதையும் விற்காமல் 180 இலாபம் முளைத்துவிட்டது. விற்ற நாளின் அடக்கவிலையிலேயே உள்ளே எடுப்பதுதான் சரி. உங்கள் மென்பொருள் என்ன செய்கிறது என்று அறிய, சோதனை நிறுவனக் கோப்பு ஒன்றில் ஒரு பில் போடுங்கள், அப்புறம் அதிக விலைக்கு ஒரு கொள்முதல் போடுங்கள், அதன்பின் அந்தப் பில்லை முழுதாகத் திருப்பிவிடுங்கள். விற்பனை, வரி, அடக்கவிலை மூன்றும் பூஜ்யத்துக்கு வர வேண்டும். அடக்கவிலை மட்டும் வராவிட்டால் கிரெடிட் நோட்டில் அடக்கவிலையைக் கையால் கொடுக்கும் வசதியைத் தேடுங்கள்.

இரண்டாவது பிசகு, பொருளின் நிலை. ஆறு விளக்குகளில் நான்கு நன்றாக இருக்கின்றன. ஒன்றில் சுவிட்ச் போயிருக்கிறது, 70 செலவில் சரிசெய்து 250-க்கு விற்கலாம். இன்னொன்று உடைந்து எதற்கும் ஆகாது. சரக்கை அடக்கவிலை அல்லது விற்றால் நிகரமாகக் கிடைக்கும் தொகை, இரண்டில் எது குறைவோ அதில் வைக்கச் சொல்கிறது சர்வதேசக் கணக்கியல் தரநிலையான ஐஏஎஸ் 2. ஆக நான்கு விளக்குகள் 1,200, ஒன்று 180, ஒன்று பூஜ்யம். மொத்தம் 1,380. மீதி 420 நஷ்டம்.

இதை எழுத இரண்டு விதம் இருக்கிறது. அடக்கவிலையை 1,380-க்கு மட்டும் குறைத்துக்கொள்வது ஒரு விதம். முழு 1,800-ஐயும் குறைத்துவிட்டு, திரும்பிய சரக்கின் சேதம் என்று ஒரு தனிச் செலவுக் கணக்கில் 420-ஐ எழுதுவது இன்னொன்று. இறுதி இலாபம் இரண்டிலும் ஒன்றே. ஆனால் முதல் விதத்தில், வாடிக்கையாளரிடம் நின்ற 34 விளக்குகளுக்கு அடக்கவிலை 10,620 என்று காட்டும், அதாவது ஒன்றுக்கு 312-க்கு மேல். கொள்முதலில் ஏதோ விலை ஏறிவிட்டது என்று நிர்வாகம் அங்கே போய்த் தேடும், உண்மையில் நஷ்டம் பார்சல் கட்டிய இடத்தில் இருக்கும். நான் எப்போதும் இரண்டாவது விதத்தைத்தான் சொல்வேன். எண்ணிக்கை பெருக்கல் அடக்கவிலை என்று சரிபார்க்கவும் அதுதான் வசதி.

மூன்றாவது பிசகு, அளவு இல்லாத கிரெடிட் நோட். கணக்குப் பிரிவில் இருப்பவர் அவசரத்தில் "சரக்குத் திருப்பத்துக்காக 3,300" என்று தொகையை மட்டும் எழுதிவிடுவார். வருமானமும் வரியும் சரியாகக் குறையும். சரக்கு மட்டும் ஏட்டுக்குள் வராது. அலமாரியில் ஆறு விளக்குகள் இருக்கும், இருப்பு ஏட்டில் இருக்காது. அந்த மாதத்து இலாபம் 1,200 குறைவதற்குப் பதில் 3,000 குறையும். ஆண்டு இறுதியில் எண்ணும்போது "சரக்கு உபரி" என்று வரும், எதனால் என்று அப்போது யாருக்கும் நினைவிருக்காது. இதற்கு நேரெதிரும் நடக்கிறது. கிடங்கில் சரக்கை உள்ளே எடுத்துவிடுவார்கள், கிரெடிட் நோட் அடுத்த மாதம்தான் போகும். அந்த இடைவெளியில் விற்பனையும் முழுதாக நிற்கும், அடக்கவிலையும் குறைந்திருக்கும், இலாபம் 1,800 வீங்கித் தெரியும்.

இரண்டையும் பிடிக்க, மாதம் முடியும்போது கிடங்கின் திருப்பச் சீட்டுகளில் உள்ள எண்ணிக்கையை கிரெடிட் நோட்டுகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும், தொகையை அல்ல. சரக்கு வந்து கிரெடிட் நோட் போகாமல் இருப்பதை "பரிசோதனையில்" என்று தனி இடமாகக் காட்டி வைத்தால் எதுவும் விட்டுப்போகாது.

ஒரு சிறிய விலக்கு. அதே வகை, அதே தரம், அதே விலையுள்ள வேறொரு பொருளைத் தருவது வெறும் மாற்றிக் கொடுத்தல். வருமானத்துக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஃப்ஆர்எஸ் 15 அதைத் திருப்பமாகவே கருதுவதில்லை. வருமானத்தைத் தொட வேண்டாம், சரக்கின் நகர்வை மட்டும் எழுதினால் போதும். பழுதான பொருளை நல்லதாக மாற்றித் தருவது உத்தரவாதத்தின் கணக்கில் வரும்.

முன்கூட்டியே ஒதுக்குவது

கிரெடிட் நோட் வழியில் ஒரு குறை உண்டு. நம் உதாரணத்தில் முதல் ஆண்டு 8,000 மொத்த இலாபத்தைக் காட்டிவிட்டது, அடுத்த ஆண்டு 1,200 நஷ்டத்தைச் சுமக்கிறது. விற்றது ஓர் ஆண்டில், அதன் பின்விளைவு இன்னோர் ஆண்டில். வாடிக்கையாளருக்குத் திருப்பும் உரிமை கொடுத்து விற்கும்போது, திரும்பி வரும் என்று எதிர்பார்க்கும் பகுதியை வருமானமாகவே காட்டக் கூடாது என்கிறது ஐஎஃப்ஆர்எஸ் 15. 2018 ஜனவரி 1 அன்றோ அதன்பின்னோ தொடங்கும் ஆண்டுகளுக்கு அது நடைமுறையில் இருக்கிறது.

கடந்த கால அனுபவத்தை வைத்து 40-ல் 5 திரும்பும் என்று மதிப்பிடுகிறோம் என்று வைப்போம். முதல் ஆண்டில் வருமானம் 17,500. மீதி 2,500 திருப்பித் தர வேண்டிய பொறுப்பு என்று கடன் பக்கத்தில் நிற்கும். அடக்கவிலை 10,500. மீதி 1,500, திரும்பி வரவேண்டிய சரக்கின் மீதான உரிமை என்று சொத்துப் பக்கத்தில் நிற்கும். சரக்கைத் திரும்பக் கொண்டுவரச் செலவாகும் என்றோ, அது மதிப்புக் குறைந்து வரும் என்றோ தெரிந்தால் அந்தத் தொகையை இந்த 1,500-லிருந்து கழிக்க வேண்டும். பொறுப்பிலிருந்து உரிமையைக் கழித்து 1,000 என்று ஒரே வரியில் காட்டக் கூடாது, தனித்தனியாகத்தான் காட்ட வேண்டும். 1,500-ஐச் சரக்கிருப்பில் சேர்ப்பதும் வேண்டாம். அந்த விளக்குகள் இன்னும் வாடிக்கையாளரிடம் இருக்கின்றன, கிடங்கில் எண்ணினால் கிடைக்காது.

இங்கே அதிகம் நடக்கும் தவறு வரியில்தான். 5 விளக்குகளுக்கான 250 வரியையும் சேர்த்து ஒதுக்கிவிடுகிறார்கள். வெளியீட்டு வரிக் கணக்கில் முழு 2,000-மும் நிற்க வேண்டும். பில்லில் போட்டு வசூலிக்கும் வரி உங்கள் வருமானம் அல்ல, கிரெடிட் நோட் இல்லாமல் வெறும் எதிர்பார்ப்பை வைத்து அதைக் குறைக்கவும் முடியாது. ஆண்டு இறுதியில் வரிக் கணக்கின் இருப்பு வரிப் படிவத்தோடு ஒத்துப்போகாமல், வித்தியாசம் மதிப்பீட்டின் வரித் தொகைக்குச் சமமாக இருந்தால் காரணம் இதுதான்.

இப்போது முதல் ஆண்டின் மொத்த இலாபம் 7,000. அடுத்த ஆண்டு உண்மையில் 6 திரும்பி வந்ததால், கூடுதலாக வந்த ஒரு விளக்குக்கு மட்டும் 500 வருமானமும் 300 அடக்கவிலையும் குறைந்து, 200 நஷ்டம் வரும். சேதம் 420 தனி. இரண்டு ஆண்டுகளையும் கூட்டினால் எந்த வழியிலும் 6,800 மொத்த இலாபம்தான். எந்த ஆண்டில் எவ்வளவு என்பதை மட்டுமே மதிப்பீடு மாற்றுகிறது.

ஆகவே யாருக்கு இது தேவை? தரநிலையைப் பின்பற்றிக் கணக்குத் தயாரிக்கவேண்டிய நிறுவனத்துக்கு, தொகை பெரிதாக இருந்தால் வேறு வழியில்லை. மற்றவர்கள், ஆண்டு முடிந்து முதல் இரண்டு மாதங்களில் போட்ட கிரெடிட் நோட்டுகளில் சென்ற ஆண்டு பில்களுக்கானவற்றை மட்டும் பிரித்து, அவற்றின் விற்பனைத் தொகையிலிருந்து அடக்கவிலையைக் கழித்துப் பாருங்கள். அந்தத் தொகை ஆண்டு இலாபத்தில் கண்ணில் படும் பங்காக இருந்தால் மதிப்பீடு அவசியம். ஆண்டு முழுக்க விற்பனையும் திருப்பமும் சீராக இருந்தால், தொடக்கத்தில் சேர்ந்ததும் இறுதியில் விட்டுப்போனதும் ஏறக்குறைய ஈடாகிவிடும், கிரெடிட் நோட் மட்டும் போதும். விற்பனை ஆண்டின் கடைசி வாரங்களில் குவியும் தொழில்களுக்கு அந்த ஈடு கிடைக்காது.

மதிப்பீடு வேண்டும் என்று முடிவெடுத்தாலும் அதை மாதந்தோறும் ஒவ்வொரு பில்லிலும் செய்ய வேண்டாம். ஆண்டு இறுதியில் ஒரே பதிவாகப் போட்டு, புதிய ஆண்டின் முதல் நாளில் அதே பதிவைத் தலைகீழாக எழுதிவிடலாம்: பொறுப்புக் கணக்கில் 2,500 பற்று, விற்பனைத் திருப்பக் கணக்கில் வரவு, அடக்கவிலையில் 1,500 பற்று, உரிமைக் கணக்கில் வரவு. அதன்பின் வரும் ஆறு விளக்குகளுக்கும் வழக்கமான கிரெடிட் நோட் போகும். திருப்பக் கணக்கில் 3,000-க்கு எதிரே 2,500 ஏற்கெனவே இருப்பதால் 500 மட்டும் மிஞ்சும், அடக்கவிலையில் அதேபோல் 300 மிஞ்சும். பில் போடுபவரும் கிடங்கில் இருப்பவரும் தங்கள் வேலையில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. முதல் மாத அறிக்கையில் மட்டும் திருப்பக் கணக்கு வரவு இருப்பு காட்டக்கூடும் என்று அதைப் படிப்பவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். திருப்பும் கெடு முடிந்த பிறகும் அந்த 2,500-ல் பயன்படாமல் ஏதாவது மிஞ்சியிருந்தால், இவ்வாண்டு இறுதியில் மதிப்பீட்டு விகிதத்தை அதற்கேற்பக் குறைக்க வேண்டும்.